குடற்சுவரில் ஒரு மில்லிமீட்டர்

நன்றாக விரிந்திருக்கும் பெருங்குடலின் சுவர் மூன்று மில்லிமீட்டர் தடிமனைத் தாண்டாது. அந்த மூன்று மில்லிமீட்டருக்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன. மலம் உரசிச் செல்லும் உள்பக்கத்தில் மியூகோசா எனப்படும் சளிச்சவ்வும், அதற்கு அடுத்து சப்மியூகோசா என்ற தளர்வான இணைப்புத் திசுவும், அதற்கு அடுத்து தசை அடுக்கும், கடைசியாக வயிற்றறையைப் பார்த்தபடி சீரோசா என்ற வழவழப்பான மெல்லிய உறையும் அமைந்துள்ளன. மருத்துவக் கல்லூரியின் முதலாண்டில் இந்த வரிசையை மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறோம். அது எதற்காகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பது கத்தியையோ எண்டோஸ்கோப்பையோ கையில் எடுத்த பிறகுதான் விளங்குகிறது. கும்பகோணத்தில் அறுவை மருத்துவராக இருந்துகொண்டு எண்டோஸ்கோபியையும் நானே செய்வதால், ஒரே நோயாளியின் குடலை முதலில் உள்ளிருந்தும் பிறகு வெளியிலிருந்தும் பார்க்கும் வாய்ப்பு அவ்வப்போது அமைகிறது. அப்படி நான்கு அடுக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டியிருந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவரை அடையாளம் காண உதவும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல்லும் உளுந்தும் பயிரிடுபவர். அறுபது வயதை நெருங்கியவர். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று ஊரில் காட்டியபோது ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. வெறுங்காலோடு வயலில் இறங்குபவருக்கு இரத்தசோகை என்றால் கொக்கிப்புழு என்று முடிவெடுப்பது எங்கள் பகுதியில் வழக்கம். தவறான வழக்கமும் இல்லை. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏறவில்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருப்பதாகப் பரிசோதனை சொன்னதும், வேறொரு மருத்துவமனையில் பெருங்குடல் எண்டோஸ்கோபி செய்து, வலப்பக்கக் குடலில் தட்டையாக ஒரு கட்டி இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, ‘அடினோமா, புற்றுநோய் இல்லை’ என்ற அறிக்கையோடு என்னிடம் அனுப்பினார்கள். அடினோமா என்பது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய சாதாரணக் கட்டி. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை அவர் ஆண்டுக்கணக்காக விழுங்கிவந்தார் என்பதைப் பேச்சுவாக்கில் அவருடைய மனைவி சொன்னார். அந்தச் சிறிய தட்டைக் கட்டிதான் இரத்தசோகைக்கு முழுக் காரணம் என்று நான் இன்றும் நம்பவில்லை. இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கி இரத்தம் கசியவைக்கும் அந்த வலி மாத்திரைகளின் பங்கும் இருந்திருக்கும்.

குடலைச் சுத்தம் செய்வதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி, தார் போலச் சுவரில் ஒட்டவைக்கும். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தாவிட்டால், பேதி மருந்து எத்தனை லிட்டர் குடித்தாலும் சளிச்சவ்வு தெளிவாகத் தெரியாது. தட்டையான கட்டிகள் அந்தக் கறுப்புக்கு அடியில் மறைந்துகொள்ளும்.

மீண்டும் எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பார்த்தபோது, ஏறுகுடலின் நடுப்பகுதியில் பதினெட்டு மில்லிமீட்டர் அகலத்தில் அந்தக் கட்டி இருந்தது. சுற்றியிருந்த சளிச்சவ்வைவிட இரண்டு மில்லிமீட்டர்கூட உயரமில்லை. ஒரு ஓரத்தில் வெளிறிய சிறு தழும்பு தெரிந்தது. முன்பு சதைத்துணுக்கு எடுத்த இடம் அதுதான். நடுவில் ஒரு சின்னப் பகுதி சற்றே உள்வாங்கி, மற்ற இடத்தில் இருந்த ஒழுங்கான மேற்பரப்புக் கோலம் அங்கே கொஞ்சம் கலைந்திருந்தது. இந்தப் பள்ளம்தான் என்னைக் கவலைப்படுத்தியது. தட்டைக் கட்டியில் உயரமான முடிச்சைவிட உள்வாங்கிய பகுதியே கீழ் அடுக்கில் வேர்விட்டிருக்க அதிக வாய்ப்புள்ளது. ஓரத்திலிருந்து கிள்ளிய துணுக்குக்கு அந்தப் பள்ளத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

இங்கே சளிச்சவ்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவே மூன்று உட்பிரிவுகளைக் கொண்டது: மேலே உயிரணுக்களின் வரிசை, நடுவில் அதைத் தாங்கும் மென்திசு, அடியில் மஸ்குலாரிஸ் மியூகோசா என்ற இழை போன்ற மிக மெல்லிய தசைப்பட்டை. இந்த மெல்லிய பட்டைதான் பெருங்குடலில் ஒரு முக்கியமான எல்லைக்கோடு. இதற்கு மேலே நிணநீர்க் குழாய்கள் அநேகமாக இல்லை. அதனால் புற்றுநோயாக மாறிவிட்ட உயிரணுக்கள்கூட இந்தக் கோட்டுக்கு உள்ளேயே நிற்கும்வரை நிணநீர்க்கணுக்களுக்குப் பரவ வழியில்லை. கட்டியை முழுமையாக எடுத்தாலே நோய் முடிந்துவிடுகிறது. கோட்டைத் தாண்டி சப்மியூகோசாவுக்குள் நுழைந்த கணம் கணக்கு மாறுகிறது. அங்கே இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் பின்னிக் கிடக்கின்றன. இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இந்தச் சலுகை முழுதாகக் கிடையாது. அங்கே சளிச்சவ்வுக்குள்ளேயே நிணநீர்க் குழாய்கள் உண்டு. பெருங்குடலுக்குப் பொருந்தும் விதியை அப்படியே மேலே கொண்டுபோகக் கூடாது.

சளிச்சவ்வுக்கு வெட்டும் சூடும் தெரியாது. இழுப்பும் விரிவும்தான் அந்தச் சுவருக்கு வலிக்கும். துணுக்கு எடுக்கும்போதோ கட்டியை வெட்டும்போதோ நோயாளிக்கு வலிக்கவில்லை என்பதால் ஆழமாகப் போகவில்லை என்று எண்ணிவிட முடியாது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு உதவுவது நீலம். நூறு மில்லி சலைனில் சில துளி மெத்திலீன் புளூவும், ஒரு மில்லி அட்ரினலினும் கலந்துகொண்டோம். அட்ரினலின் இந்த அளவில் ஏறக்குறைய இலட்சத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடும். எண்டோஸ்கோப் வழியாகச் செல்லும் மெல்லிய ஊசியால் இந்தத் திரவத்தைக் கட்டிக்கு அடியில், சப்மியூகோசாவுக்குள் செலுத்த வேண்டும். சப்மியூகோசா தளர்வான இழைப்பின்னல் என்பதால் திரவம் அங்கே தேங்கி, கட்டியைத் தாங்கிய சளிச்சவ்வைத் தசையிலிருந்து பிரித்து உயர்த்தும். தசை நெருக்கமான கட்டமைப்பு. அது திரவத்தை ஏற்காது, நீலத்தையும் ஏற்காது. அந்த வேறுபாட்டை நம்பித்தான் அடுத்த வேலை முழுவதும் நடக்கிறது.

ஊசியைச் சுவருக்குச் செங்குத்தாகக் குத்தினால் அது தசையையும் தாண்டிப் போய்விடும். திரவம் வயிற்றறைக்குள் கொட்டும். திரையில் எதுவும் உயராது. மேலோட்டமாகக் குத்தினால் சளிச்சவ்வுக்குள்ளேயே கருநீலத்தில் ஒரு சின்னக் கொப்புளம் இறுகி நிற்கும், பரவாது. சரியான அடுக்கில் விழுந்தால், உதவியாளர் மருந்தைத் தள்ளத் தொடங்கிய அந்த நொடியே இளநீல மேடு ஒன்று அகலமாக எழும். எழத் தொடங்கியதும் ஊசியை மெல்லப் பின்னிழுத்து, நுனியைக் குடலின் நடுவெளி பக்கம் சாய்த்தால் மேடு விரும்பிய திசையில் வளரும். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம், ஊசி குத்தியபின் மருந்தைத் தள்ளச் சொல்லாமல், மருந்து வந்துகொண்டிருக்கும்போதே குத்தச் சொல்வேன். சப்மியூகோசாவைத் தொட்டதை அந்த மேடே காட்டிக்கொடுக்கும். கை உணர்ச்சியை நம்ப வேண்டியதில்லை. வெறும் சலைன் சில நிமிடங்களில் வடிந்துவிடும் என்பதால், கட்டியைச் சுற்றி இறுக்கி மின்சாரத்தால் வெட்டும் சுருக்குக் கம்பியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் ஊசியை எடுக்க வேண்டும்.

இந்த மனிதரின் கட்டி நடுவிலும் மூன்று பக்கங்களிலும் நன்றாக உயர்ந்தது. தழும்பு இருந்த ஓரம் மட்டும் தயங்கித் தயங்கி எழுந்தது. கட்டி உயர மறுப்பது சப்மியூகோசாவில் புற்று ஆழமாக ஊன்றியிருப்பதன் அடையாளம் என்று ஜப்பானிய மருத்துவர்கள் 1994ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அது பயனுள்ள அறிகுறி. ஆனால் முன்பு கிள்ளியதால் உண்டான தழும்பும் இதே விளைவைத் தரும். தழும்பு சப்மியூகோசாவின் தளர்ந்த இழைகளை இறுக்கிக் கட்டிவிடுகிறது. அதனால்தான், எடுத்துவிடக்கூடிய தட்டைக் கட்டியைக் கண்டால் துணுக்குத் துணுக்காகக் கிள்ளிப் பார்க்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துகிறேன். நல்ல புகைப்படங்கள் எடுத்து, எடுக்கத் தெரிந்தவரிடம் அனுப்புவதே போதும். நடுப்பள்ளம் உயர்ந்து, பழைய தழும்பு மட்டும் தயங்கியதால், காரணம் தழும்புதான் என்று முடிவுசெய்து மேலே போனேன். நடுப்பகுதி எழாமல் இருந்திருந்தால் அன்றே நிறுத்திவிட்டு அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசியிருப்பேன்.

இன்னொரு தீர்மானம், அதைத் துண்டு போடாமல் ஒரே உருப்படியாக எடுப்பது. இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியைச் சுருக்குக் கம்பியால் முழுதாக எடுத்துவிடலாம். அதைவிடப் பெரிதாக இருந்தால் துண்டுகளாக எடுக்க நேரும், அல்லது சப்மியூகோசாவுக்குள்ளேயே சிறு மின்கத்தியால் செதுக்கிச் செல்லும் நீண்ட சிகிச்சைமுறைக்கு அனுப்ப வேண்டிவரும். துண்டாகிப்போனால் ஆழத்தை அளக்கும் வாய்ப்பே போய்விடும். இவருடையது எல்லைக்குள் இருந்தது. கம்பியை இறுக்கியதும் ஒருமுறை லேசாகத் தளர்த்தி, காற்றடித்து, மீண்டும் இறுக்கினேன். உள்ளே சிக்கியிருக்கக்கூடிய தசை அப்போது நழுவி வெளியே போய்விடும். பிறகு மின்சாரம் கொடுத்தோம்.

வெட்டியபின் கிடைக்கும் இரண்டு பரப்புகளையும் பார்க்காமல் வெளியே வரக் கூடாது. ஒன்று, குடலில் ஏற்பட்ட புண். மற்றொன்று, எடுத்த கட்டியின் அடிப்பரப்பு. புண்ணின் தரை முழுவதும் நீலமான, குறுக்கும் நெடுக்குமான இழைகளாக இருந்தால், வெட்டு சப்மியூகோசாவில் ஓடியிருக்கிறது என்று பொருள். நீலத்துக்கு நடுவே சாம்பல் வெள்ளையில் வட்டமாக ஒரு திட்டு தெரிந்து, அதற்கு இணையாகக் கட்டியின் அடிப்பக்கத்திலும் அதே வெள்ளை வட்டம் இருந்தால், தசையும் சேர்ந்து வந்துவிட்டது. துப்பாக்கிச் சுடுதலின் இலக்குப் பலகையை நினைவூட்டும் அந்த வட்டத்தைக் கண்டவுடன், நோயாளிக்கு வலியே இல்லாவிட்டாலும், உடனே கிளிப் போட்டு மூட வேண்டும். ஓட்டை இன்னும் விழாமல் இருக்கலாம், பின்னால் விழும். இவருடைய புண்ணில் வட்டம் இல்லை. ஆனால் தழும்பு இருந்த ஓரத்தில் நீலம் வெளிறி, இணையாக ஓடும் தசைநார்கள் இரண்டு மூன்று தெரிந்தன. தசை வெட்டப்படவில்லை, வெளிப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இரண்டு கிளிப்புகள் போட்டேன். வலப்பக்கப் பெருங்குடலின் சுவர்தான் மிக மெல்லியது. அங்கே பெருந்தன்மை காட்ட இடமில்லை.

அதே அமர்வில் அடையாள மையும் குத்தினேன். சீரோசா பக்கமிருந்து பார்க்கும் அறுவை மருத்துவருக்குச் சளிச்சவ்வில் ஆறிய புண் தெரியவும் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படவும் செய்யாது. மையைக் கட்டிக்கு நேர் கீழே குத்தினால் அங்கே தழும்பாகி அடுத்த சிகிச்சையைக் கெடுக்கும் என்பதால், மூன்று சென்டிமீட்டர் தள்ளி, மலவாய்ப் பக்கமாகக் குத்த வேண்டும். முதலில் சலைனால் சப்மியூகோசாவில் ஒரு மேடு எழுப்பி, அந்த மேட்டுக்குள் மையைச் செலுத்துவது பாதுகாப்பு. நேரே மையைக் குத்தி அது சுவரைத் தாண்டிவிட்டால், பிறகு வயிற்றைத் திறப்பவருக்கு எல்லாமே கறுப்பாகத் தெரியும்.

எடுத்த கட்டியை அப்படியே பாட்டிலில் போட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும். உருண்டையை எந்தப் பக்கம் வெட்டினாலும் சளிச்சவ்வும் சப்மியூகோசாவும் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்துதான் தெரியும். அதைச் சதுரமாக நறுக்கிய தெர்மோகோல் துண்டின் மேல் சளிச்சவ்வு மேலே இருக்கும்படி விரித்து, ஓரங்களில் மெல்லிய குண்டூசிகளைக் குத்தி, ஃபார்மலினில் கவிழ்த்து மிதக்கவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. எங்கள் செவிலியர் இதை என்னைவிட நேர்த்தியாகச் செய்வார். ஆய்வகத்தில் அதை இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் செங்குத்தாகக் கீறி, ஒவ்வொரு கீற்றிலும் எல்லைக்கோட்டிலிருந்து புற்று எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அளக்கிறார்கள்.

அவர்கள் ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார்கள். நான் விடவில்லை. ஐப்பசி அடைமழை தொடங்கியிருந்தது. அவர்கள் ஊர்ச் சாலையில் தண்ணீர் நின்றால் ஆம்புலன்ஸ் போகாது. சப்மியூகோசாவின் இரத்தக் குழாய்கள் திறந்த புண்ணாகக் கிடக்கும்போது, இரண்டு வாரம் வரைகூட தாமதமான இரத்தப்போக்கு வரலாம். முதல் சில நாட்களில் வரக்கூடிய மற்றொரு சிக்கல், காய்ச்சலோடு ஒரே இடத்தில் குத்தும் வலி. மின்சூடு தசையைத் தாண்டி சீரோசாவரை எட்டி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயிற்றுச் சுவரின் உள்ளுறையை உறுத்துவதால் அது உண்டாகிறது. ஸ்கேனில் வயிற்றறைக்குள் காற்று இல்லாவிட்டால் பட்டினி, சலைன், ஆன்டிபயாடிக் ஆகியவற்றோடு பெரும்பாலும் அடங்கிவிடும். காற்று இருந்தால் அது ஓட்டை. வீட்டிலிருந்தபடியே இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால், வலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் உடனே வர வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். கும்பகோணத்திலேயே மகள் வீடு இருந்ததால் அங்கே தங்கினார். ஒன்றும் வரவில்லை.

ஆய்வக அறிக்கைதான் வந்தது. அடினோமாவின் நடுவில் புற்றுநோய். எல்லைக்கோட்டைத் தாண்டி சப்மியூகோசாவுக்குள் 1.6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடி விளிம்பிலும் பக்க விளிம்புகளிலும் புற்று இல்லை. ஒரு நிணநீர்க் குழாய்க்குள் புற்று உயிரணுக்கள் தென்பட்டன. அவருடைய மகன் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: “விளிம்புல ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்காங்க. முழுசா எடுத்தாச்சுன்னு நீங்களும் சொன்னீங்க. அப்புறம் எதுக்கு சார் அப்பாவோட குடல வெட்டணும்?”

நியாயமான கேள்வி. கட்டி இருந்த இடத்தில் மிச்சமில்லை என்பதைத்தான் விளிம்பு சொல்கிறது. சப்மியூகோசாவின் குழாய்கள் வழியாக ஏற்கெனவே வெளியேறியவற்றைப் பற்றி அதற்குத் தெரியாது. இறங்கிய ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து, உயிரணுக்கள் நல்ல வடிவில் இருந்து, குழாய்களுக்குள் எதுவும் இல்லாவிட்டால், அத்தோடு நிறுத்திக் கண்காணித்தால் போதும். இவருக்கு ஆழமும் தாண்டியிருந்தது. அதைவிடக் கனமான விஷயமாக, குழாய்க்குள்ளேயே புற்று இருந்தது. சப்மியூகோசாவை எட்டிய பெருங்குடல் புற்றுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நிணநீர்க்கணுவில் நோய் இருக்கும். ஆழம் மட்டுமே காரணமாக இருந்தால் அந்த வாய்ப்பு குறைவு. குழாய்க்குள் புற்று இருந்தால் கூடுதல். அந்தக் கணுக்கள் குடலைத் தாங்கும் கொழுப்புத் தாளுக்குள் இருக்கின்றன. எண்டோஸ்கோப் அங்கே எட்டாது. இதயமும் நுரையீரலும் தாங்கும் நிலையில் இருந்ததால் அறுவையைப் பரிந்துரைத்தேன். எண்பதைத் தாண்டி மூச்சுத்திணறலோடு இருப்பவருக்கு இதே அறிக்கை வந்திருந்தால் வேறு விதமாகப் பேசியிருப்பேன். மகனிடம் பத்துப் பேர் கணக்கையும் சொன்னேன். கணுக்களில் ஒன்றும் இல்லாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்பதையும் மறைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து வலப்பக்கப் பெருங்குடலை அதன் கொழுப்புத் தாளோடும் கணுக்களோடும் எடுத்து, சிறுகுடலின் முனையைக் குறுக்குப் பெருங்குடலோடு கையாலேயே தைத்து இணைத்தேன். குடல் தையலைப் பற்றிப் பேசும்போது நான் பழகிய ஆட்டுக்குடலைச் சொல்லாமல் இருக்க முடியாது. பயிற்சிக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கறிக்கடையில் குடல் வாங்கிவந்து தைத்துப் பழகுவோம். இன்றும் எங்களிடம் பயிற்சிக்கு வருபவர்களை அப்படித்தான் பழகச் சொல்கிறேன். ஒரு சாண் நீளத்தை எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிக் கத்தியின் முதுகால் வழித்தால் சளிச்சவ்வு கூழாக வந்துவிடும். வெளிப்பக்கத்தை நகத்தால் உரித்தால் சீரோசாவும் தசையும் ஈரத்தாள் போலக் கிழிந்து உருளும். இரண்டும் போனபின் கையில் மிஞ்சுவது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு மெல்லிய குழாய். அதன் இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பார்த்தால் அறுந்துபோகாது. தண்ணீர் ஊற்றிக் கட்டினால் தாங்கும். அதுதான் சப்மியூகோசா. ஊசியில் செலுத்திய நீலத் திரவத்துக்கு இடம் கொடுத்து நெகிழ்ந்த அதே அடுக்குதான், கொலாஜன் இழைகளின் பின்னலால், குடற்சுவரின் வலிமை முழுவதையும் தாங்குகிறது. முன்பு அறுவையில் பயன்பட்ட கேட்கட் தையல் நூலைக்கூட ஆட்டுக்குடலின் இந்த அடுக்கிலிருந்துதான் செய்தார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887ஆம் ஆண்டில் நாய்களின் குடலில் செய்த பரிசோதனைகள் வழியாக, தையலில் சப்மியூகோசா அகப்படாவிட்டால் அது பிடிக்காது என்று காட்டினார். அந்த முடிவு இன்றும் அசையவில்லை.

ஆகவே ஒவ்வொரு தையலிலும் ஊசி சீரோசாவில் நுழைந்து, தசையைக் கடந்து, சப்மியூகோசாவை அள்ளிக்கொண்டு, சளிச்சவ்வைத் தொடாமல் வெளியே வர வேண்டும். தசைக்குள் மட்டும் ஓடும்போது ஊசி வெண்ணெயில் போவது போல எதிர்ப்பின்றிப் போகும். சப்மியூகோசாவில் நுழையும்போது மெல்லிய ஒரு தடை விரலுக்குத் தெரியும். அந்தத் தடை தெரியாத தையலை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொல்வேன். விளிம்பிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளியும், தையலுக்குத் தையல் அதே அளவு இடைவெளி விட்டும், கரையும் நூலால் ஒரே வரிசையாகத் தைத்தேன். முடிச்சு இரண்டு விளிம்புகளையும் தொடவைத்தால் போதும். நெரித்தால் சப்மியூகோசாவின் இரத்த ஓட்டம் நின்று, பிடித்துக்கொள்ள வேண்டிய இழையே செத்துவிடும். வெட்டிய விளிம்பில் சப்மியூகோசாவிலிருந்து பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் கசிகிறதா என்று தைக்கும் முன் பார்த்துக்கொள்வேன். கருஞ்சிவப்பாக வடிந்தாலோ வரவே இல்லை என்றாலோ, இன்னும் கொஞ்சம் வெட்டி நல்ல இடத்துக்கு நகர வேண்டும்.

சீரோசாவுக்குத் தையலைத் தாங்கும் பலம் இல்லை. அதன் திறமை ஒட்டுவதில் இருக்கிறது. இரண்டு சீரோசாப் பரப்புகள் தொட்டுக்கொண்டால் சில மணி நேரத்திலேயே ஃபைப்ரின் என்ற பசை போன்ற புரதம் கசிந்து ஒட்டத் தொடங்கி, தண்ணீர் புகாத முத்திரை உருவாகிவிடும். பிரெஞ்சு மருத்துவர் லெம்பேர் 1826ஆம் ஆண்டில் சீரோசாவோடு சீரோசாவைச் சேர்க்கச் சொன்னது இதனால்தான். உணவுக்குழாய்க்கும் மலக்குடலின் கீழ்ப்பகுதிக்கும் இந்த உறை கிடையாது; அங்கே போடும் இணைப்புகள் கசியும் ஆபத்து கூடுதலாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உறை உள்ள குடலிலும் ஒரு வெற்றிடம் உண்டு. கொழுப்புத் தாள் குடலோடு சேரும் விளிம்பில் அதன் இரண்டு மடிப்புகளும் பிரிந்து போவதால், நடுவே ஒரு சிறு முக்கோணத்தில் தசை சீரோசா இல்லாமல் நிற்கிறது. இரத்தக் குழாய்களும் கொழுப்பும் அங்கேதான் குவிந்திருப்பதால் ஊசி எந்த அடுக்கில் போகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது. இணைப்புகள் கசியும்போது பெரும்பாலும் அந்த மூலையில்தான் கசிகின்றன. முதல் தையலை அங்கே, நேராகப் பார்க்க முடிகிற நேரத்திலேயே போட்டுவிடுவது என் வழக்கம். கடைசிக்கு வைத்தால் குருட்டுத் தையலாகிவிடும்.

மூன்றாம் நாளையும் நான்காம் நாளையும் நான் சற்று எச்சரிக்கையோடு கடப்பேன். வெட்டுப்பட்ட சப்மியூகோசாவின் பழைய கொலாஜன் அந்நாட்களில் கரைந்துகொண்டிருக்கும்; புதியது இன்னும் போதுமான அளவு உருவாகியிருக்காது. இணைப்பு நூலை மட்டுமே நம்பி நிற்கும் நேரம் அது. வயிற்றுவலி வருவதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறுவதும், மூச்சு வேகமாவதும், நோயாளி காரணமின்றி நிலைகொள்ளாமல் இருப்பதும் கசிவின் முதல் குறிகளாக இருக்கலாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு மூன்றாம் நாளுக்குப் பிறகும் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டி நின்றால், நோயாளி சிரித்துப் பேசினாலும் ஸ்கேன் எடுக்கத் தயங்க மாட்டேன். இவருக்கு நான்காம் நாள் அது இறங்குமுகமாக 70க்கு வந்துவிட்டது. அன்று மாலை காற்று பிரிந்தது, கஞ்சி கொடுத்தோம்.

எடுத்த குடலில் 21 நிணநீர்க்கணுக்களை ஆய்வகத்தார் தேடி எடுத்திருந்தார்கள். குறைந்தது 12 பார்த்திருந்தால்தான் அந்த அறிக்கையை நம்பலாம். எதிலும் புற்று இல்லை. பழைய புண் இருந்த இடத்திலும் தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. “அப்போ வெட்டாமலே இருந்திருக்கலாமோ?” என்று மகன் கேட்டார். கோபமில்லை, கணக்குப் பார்க்கும் தொனிதான். கணுக்களை எடுத்துப் பார்க்காமல் அவற்றில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வழியில்லை என்றேன். சரி என்று தலையசைத்தார். முழுச் சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை. கீமோதெரபி தேவைப்படாமல் போனதை அவருடைய மனைவிதான் முதலில் எடுத்துச் சொன்னார்.

ஓராண்டு கழித்து எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது இணைப்பு அகலமாகத் திறந்து, சளிச்சவ்வு இரு பக்கமும் கூடி மூடியிருந்தது. உள்பக்கத்தில் இனி பெரிதாகத் தொல்லை இருக்காது. வெளிப்பக்கத்தைப் பற்றி அப்படி உறுதி சொல்ல முடியாது. இணைப்பை முத்திரையிட்ட அதே சீரோசா, கையும் கருவியும் பட்ட மற்ற இடங்களிலும் ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் ஒட்டுநார்களில் குடல் மடங்கிச் சிக்குவது அறுவை முடிந்த அடுத்த மாதமும் நடக்கலாம், இருபது ஆண்டு கழித்தும் நடக்கலாம். அதனால் அவருடைய வெளிநோயாளிச் சீட்டின் பின்பக்கத்தில், புற்றின் ஆழத்தையும் கணுக்களின் எண்ணிக்கையையும் எழுதிய வரிக்குக் கீழே இதையும் எழுதிக்கொடுத்தேன்: வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றால், ஓமத்தண்ணீரோ பேதி மருந்தோ குடிக்காமல், வாய்வழியாக எதையும் எடுக்காமல், குடல் அறுவை செய்துகொண்டவர் என்று முதலிலேயே சொல்லி, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.